வாடிக்கையாளர் சேவைக்கு இரு மொழி தெரிந்த ஆள் தேவை: அறிவிப்பை எழுதுவது எப்படி?

ஆன்லைனில் சின்ன அளவில் விற்பனை செய்பவர்கள் வாட்ஸ்அப்பில் போடும் வேலை அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ஆள் தேவை. தமிழ், ஆங்கிலம் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் தகுதிக்கேற்ப." வேலை நேரம் என்ன, சம்பளம் எவ்வளவு, மொழியை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற மூன்றுமே இதில் இல்லை. அதனால் வரும் பதில்களில் பாதி, "சம்பளம் எவ்வளவு?" என்ற கேள்வியாகவே இருக்கும்.

படி 1: முதலில் உங்கள் இன்பாக்ஸை எண்ணுங்கள்

கடந்த இரண்டு வாரங்களில் வந்த மெசேஜ்களை நேரவாரியாகவும் மொழிவாரியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பை விற்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 45 மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவை மாலை 6 மணிக்கு மேல் வருகின்றன. ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் மொத்தம் 3 மணி நேரம். கூரியரிடம் விசாரிக்கவும் ரிட்டர்ன்களைப் பதிவு செய்யவும் இன்னும் 1 மணி நேரம் சேர்த்தால், தேவை மாலை 6 முதல் இரவு 10 வரை 4 மணி நேர வேலை. முழுநேர ஆளே வேண்டியதில்லை! எண்ணிப் பார்க்காமல் எழுதியிருந்தால், மெசேஜே வராத காலை 9 மணிக்கு ஒருவரை உட்கார வைத்திருப்போம்.

படி 2: எந்த மொழியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்

"சரளமாக" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அந்த 45 மெசேஜ்களில் 30 தமிழ், 15 ஆங்கிலம் என்றும், போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள் என்றும் தெரிந்தால், தமிழில் பேசவும் எழுதவும் வேண்டும். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதினாலே போதும். ஆங்கிலம் பேசத் தயங்கும், ஆனால் நன்றாக எழுதும் ஒருவர் இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துவார். "சரளமாக" என்ற சொல்லைப் பார்த்ததுமே அவர் ஒதுங்கிவிடுவார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் வாடிக்கையாளர்கள் நிறைய இருந்தால், அதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

படி 3: சம்பளத்தைத் தொகையாகப் போடுங்கள்

மாதச் சம்பளத்தோடு மொத்த மணி நேரத்தையும் சொல்லுங்கள். தினம் 4 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 104 மணி நேரம். படிப்பவர் எப்படியும் வகுத்துப் பார்க்கத்தான் போகிறார். நீங்களே முதலில் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு வரும் தொகை உங்கள் ஊர் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, தள்ளுபடி விற்பனை நாட்களில் கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, போனும் டேட்டாவும் யார் செலவு என்பவையும் இதே இடத்தில் வர வேண்டும். பதிவுக் கட்டணம் கேட்டு ஏமாற்றும் போலி வேலை அறிவிப்புகள் ஏராளமாக உலவுவதால், பணம் எதுவும் கட்டத் தேவையில்லை என்றும் ஒரு வரி போடுங்கள்.

படி 4: மெசேஜை எழுதுங்கள்

> கைப்பை ஆன்லைன் விற்பனைக்கு வாடிக்கையாளர் சேவைப் பணி, 1 நபர். வீட்டிலிருந்தே செய்யலாம்.
> நேரம்: மாலை 6 முதல் இரவு 10 வரை, வாரம் 6 நாள். ஞாயிறு விடுமுறை.
> மொழி: தமிழ் பேச, எழுத. ஆங்கிலம் எழுத. ஆங்கில எழுத்தில் வரும் தமிழையும் படிக்கத் தெரிய வேண்டும்.
> சம்பளம்: மாதம் (தொகை), 104 மணி நேரத்துக்கு. கூடுதல் நேரத்துக்கு மணிக்கு (தொகை). பயிற்சி நாட்களுக்கும் சம்பளம் உண்டு. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தரப்படும். போன், டேட்டா எங்கள் செலவு.
> கட்டணமோ டெபாசிட்டோ கிடையாது.
> விண்ணப்பிக்க: "டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது, பார்சல் வரவில்லை" என்கிறார் ஒரு வாடிக்கையாளர். அவருக்கு நீங்கள் அனுப்பும் பதிலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, (தேதி)க்குள் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்.

படி 5: வரும் பதில்களை எப்படிப் படிப்பது?

கடைசி வரிக்காகத்தான் இவ்வளவும். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆர்டர் எண் கேட்டிருக்கிறாரா, எப்போது மறுபடி தொடர்புகொள்வோம் என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், இரண்டு மொழியிலும் ஒரே வாக்குறுதி இருக்கிறதா என்பது. தமிழில் "கூரியரிடம் விசாரித்து நாளைக்குள் சொல்கிறோம்" என்று எழுதியவர், ஆங்கிலத்தில் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் மனப்பாடமான வாக்கியத்தைப் போட்டிருக்கிறார் என்று பொருள். வேலையில் சேர்ந்த பிறகும் அப்படி எழுதினால், சொன்ன பணத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சின்ன எழுத்துப்பிழைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சோதனையை இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிஜ வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லச் சொன்னால் அது வேலை, அதற்குக் கூலி தர வேண்டும்.