புரூபில் பிழை இருந்தால் அச்சகத்துக்கு எப்படி எழுதக்கூடாது

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை. பில் புத்தகம் அடிக்கக் கொடுத்தார்கள். அச்சிடுமுன் சரிபார்க்க வந்த புரூபில் கடைப் பெயர் சரி, வீதி சரி, அதற்குக் கீழே ‘கொழும்பு 11’. வெள்ளவத்தை கொழும்பு 06 அல்லவா? புறக்கோட்டைக் கடையொன்றின் பழைய பில்லைத் திறந்து, அதன்மேலேயே இந்தக் கடையின் விபரங்களைப் போட்டிருக்கிறார்கள். அச்சகங்களில் இது வழக்கம்தான். ஆகவே ஒரு பிழை கண்ணில் பட்டால் தொலைபேசி இலக்கம், எத்தனை நாட்களுக்குள் புடவையை மாற்றலாம் என்று அடியில் உள்ள நிபந்தனை, சிங்கள வரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கடிதம் எழுத உட்கார வேண்டும்.

‘விலாசம் பிழை, திருத்தித் தரவும்’ என்று எழுதுவதுதான் முதல் தவறு. டிசைன் செய்யும் தம்பிக்கு உங்கள் விலாசம் எப்படித் தெரியும்? இப்படி எழுதுங்கள்:

“மேலிருந்து 3ஆம் வரி: ‘கொழும்பு 11’ என்பதை ‘கொழும்பு 06’ என மாற்றவும்.
அடியில் கடைசி வரி: ‘7 நாட்களுக்குள்’ என்பதை ‘3 நாட்களுக்குள்’ என மாற்றவும். சிங்கள வரியிலும் அப்படியே.”

இருப்பதையும் வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் யோசிக்க வேண்டியதில்லை. அந்தச் சிங்கள வரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழில் 3 நாள், சிங்களத்தில் 7 நாள் என்று அச்சாகிவிட்டால் வாடிக்கையாளர் எதைக் காட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, அச்சகத்தின் பிழையையும் உங்கள் புது ஆசையையும் ஒரே பட்டியலில் கலப்பது. நீங்கள் கொடுத்ததை அவர்கள் மாற்றிப் போட்டிருந்தால் இலவசமாகத் திருத்தச் சொல்லலாம். ‘வட்ஸ்அப் இலக்கமும் சேர்க்கவும்’ என்பது உங்கள் மாற்றம். அதற்குக் காசு கேட்டால் நியாயம். இரண்டையும் தனித்தனித் தலைப்பில் எழுதினால் பில் வரும்போது வாக்குவாதம் இருக்காது.

புரூபில் தெரியாத ஒன்றும் உண்டு: பில்லின் தொடர் இலக்கம். பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் தனியாக அடிப்பார்கள். பழைய புத்தகம் 5000இல் முடிந்திருந்தால், ‘5001இலிருந்து தொடங்கவும்’ என்று கடிதத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் 0001இலிருந்து வந்து நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ‘திருத்திவிட்டு அடியுங்கள்’ என்று முடிப்பது. திருத்திய வரி புதிதாகத் தட்டச்சு செய்த வரி. பல இடங்களில் இன்னும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் பாமினி எழுத்துருதான். நீங்கள் யுனிகோடில் அனுப்பினாலும் அவர்கள் பாமினிக்கு மாற்றித்தான் போடுவார்கள். அப்போது வரியில் இருக்கும் ஆங்கில எழுத்துக்கும் பாமினி விழுந்தால், `No` என்பது ‘ழே’ என்று வரும். இலக்கங்கள் மாறாததால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஆகவே கடைசி வரியாக இதை எழுதுங்கள்: “இரண்டாவது புரூபில் நான் கையொப்பமிட்ட பிறகே அச்சிடவும்.” அந்தப் புரூப் வந்ததும், திருத்தச் சொன்ன இடங்களோடு நிறுத்தாமல், முதலில் சரியாக இருந்த வரிகளையும் ஒருமுறை வாசியுங்கள்.