கிளிக் விகிதம் சரிந்ததும் தம்ப்நெயிலில் கை வைக்காதீர்கள்

யூடியூபில் வீடியோ போடுகிறவர்கள் தம்ப்நெயிலிலும் தலைப்பிலும் செய்கிற தவறுகளில் பாதி, சி.டி.ஆர். என்கிற கிளிக் விகிதத்தைத் தப்பாகப் படிப்பதால் வருகின்றன. அழகாக வரையத் தெரியாததால் வருபவை குறைவுதான்.

முதலில் அந்த எண் எதைக் கணக்கெடுக்கிறது என்று பார்ப்போம். தம்ப்நெயிலில் பாதியாவது ஒரு வினாடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் அது ஒரு இம்ப்ரெஷன். அப்படித் தெரிந்ததில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதே சி.டி.ஆர். நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு வந்த வியூஸ், நோட்டிஃபிகேஷனைத் தட்டி வந்தவை, வேறொரு வீடியோவின் எண்ட் ஸ்கிரீனிலிருந்து வந்தவை எல்லாம் இதில் சேராது. சொந்தக்காரர்கள் நூறு பேரை லிங்கைத் திறக்கச் சொன்னாலும் இந்த எண் அசையாததற்குக் காரணம் இதுதான்.

சரி, எவ்வளவு இருந்தால் நல்லது? யூடியூபில் பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. இவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு, 'நாலு சதவீதம்தான் வருகிறது, வீடியோ போச்சு' என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது பற்றி 14 நிமிட வீடியோ ஒன்று போடுகிறீர்கள். முதல் இரண்டு நாளில் 4,000 இம்ப்ரெஷன், 8 சதவீதம், அதாவது 320 கிளிக். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உங்கள் சப்ஸ்கிரைபர்கள். உங்கள் முகமும் குரலும் அவர்களுக்குப் பழக்கம். அந்த வாரக் கடைசிக்குள் யூடியூப் அதை ஹோம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் இன்னும் 60,000 முறை காட்டுகிறது. அங்கே 3.5 சதவீதம், 2,100 கிளிக். இப்போது யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால் மொத்த விகிதம் 3.8 என்று காட்டும். எட்டிலிருந்து நாலுக்குக் கீழே வந்துவிட்டதே என்று பதறி, நடு இரவில் உட்கார்ந்து தம்ப்நெயிலை மாற்றுகிறவர்கள் நிறைய. உண்மையில் வீடியோ ஓட ஆரம்பித்ததே அந்த வாரத்தில்தான். தெரியாதவர்கள் கூட்டம் பெருகப் பெருக விகிதம் இறங்கத்தான் செய்யும்.

வீடியோ நிஜமாகவே தடுமாறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மொத்த எண்ணை விட்டுவிட்டு, பார்வையாளர் எந்த வழியாக வந்தார் என்று பிரித்துக் காட்டும் பகுதிக்குப் போங்கள். தேடி வருகிறவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்தே வருவதால் தேடலில் விகிதம் பொதுவாக அதிகம். ஹோம் பக்கத்தில் சும்மா விரலைத் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் குறைவு. ஹோம் பக்க விகிதத்தை உங்கள் பழைய வீடியோக்களின் ஹோம் பக்க விகிதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதே அளவு இம்ப்ரெஷனில் வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்து, இம்ப்ரெஷனும் நின்றுபோயிருந்தால் தம்ப்நெயிலைச் சந்தேகிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, விகிதத்தை ஏற்றுவதற்காக எதையாவது காட்டுவது. அதே பேட்டரி வீடியோவுக்கு, வெடித்துச் சிதறிய பேட்டரி படமும் 'உயிருக்கே ஆபத்து!' என்ற தலைப்பும் வைத்தால் 7 சதவீதம் பேர் அழுத்துவார்கள் என்று வையுங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 70 கிளிக், 105 நிமிடம். அதற்குப் பதிலாக, பேட்டரி மூடியில் உள்ள மிதவை சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதை நெருக்கமாக எடுத்து, 'மிதவை சிவப்பில் இருக்கிறதா? எவ்வளவு தண்ணீர் ஊற்றணும்' என்று வைத்தால் 5 சதவீதம்தான் வரும் என்று கொள்வோம். வந்தவர்கள் வீட்டில் அதே மிதவையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். நாலரை நிமிடம் இருக்கிறார்கள். 50 கிளிக், 225 நிமிடம். குறைந்த சி.டி.ஆருக்கு இரண்டு மடங்குக்கு மேல் பார்வை நேரம்.

யூடியூபின் பரிந்துரை இயந்திரம் இந்தப் பார்வை நேரத்தின் பக்கம் சாய்கிறது. வெறும் வியூஸை விட்டு வாட்ச் டைமுக்கு அவர்கள் மாறியது 2012இல். கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே, கிளிக் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் பார்வையாளர் பாதியில் விட்டுப்போகும் ஏமாற்று வீடியோக்கள் மேலே வந்துவிடும், அதனால் ஒருவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்பதைக் கணித்தே வரிசைப்படுத்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. பார்த்தவருக்குத் திருப்தியா என்று கருத்துக்கணிப்பு வேறு நடத்துகிறார்கள். ஆனால் கிளிக் என்பது கதவு மட்டும் என்ற அடிப்படை மாறவில்லை. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பும் தம்ப்நெயிலும் சொல்வது வீடியோவில் இல்லவே இல்லை என்றால், அதுவும் செய்தி, நாட்டு நடப்பு சார்ந்ததாக இருந்தால், அத்தகையவற்றின் மீது கடுமையாக நடவடிக்கை எடுக்கப்போவதாக 2024 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது.

இனி வேலை நுணுக்கம். தம்ப்நெயிலைப் பெரிய மானிட்டரில் வடிவமைத்துவிட்டு அங்கேயே பார்த்து ஓகே சொல்வது பரவலான பழக்கம். பார்க்கிறவர் கையில் இருப்பது ஃபோன். தமிழ் எழுத்துகளுக்கு இதில் கூடுதல் தொல்லை: சின்ன அளவில் புள்ளி காணாமல் போகும், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்லிய ஃபான்ட்டில் ஏழெட்டு வார்த்தை போட்டால் யாருக்கும் படிக்க வராது. மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் வந்து உட்காரும். மிதவையைக் காட்டும் அம்புக்குறியை அங்கே வைத்தால் அதுதான் முதலில் மறையும். தலைப்பில் உள்ளதையே தம்ப்நெயிலிலும் எழுதுவது இடத்தை வீணடிப்பது. படம் சிவப்புக் கோட்டைக் காட்டட்டும், தலைப்பு கேள்வியைச் சொல்லட்டும்.

தலைப்பில் முதல் பகுதிதான் காசு. 'நம்ம வீட்டு எலக்ட்ரிக்கல் | பகுதி 23 | இன்வெர்ட்டர் பேட்டரி பராமரிப்பு' என்று ஆரம்பித்தால், ஃபோனில் வெட்டுப்படும் இடத்துக்குள் விஷயமே வந்திருக்காது. சேனல் பெயர் எப்படியும் கீழே தெரிகிறது, பகுதி எண்ணைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. 100 எழுத்து வரம்பில் தமிழின் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாகக் கணக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். 'தமிழ்' என்ற சொல் மூன்றல்ல, ஐந்து.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தலைப்பையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. ஸ்டுடியோவில் தம்ப்நெயில்களைச் சோதித்து ஒப்பிடும் வசதியில் மூன்று தம்ப்நெயில் வரை கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். அது வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதும் கிளிக் விகிதத்தால் அல்ல, எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்பதால்தான். முடிவு வர இரண்டு வாரம் வரை ஆகலாம். இம்ப்ரெஷன் குறைவான சேனலில் எது ஜெயித்தது என்றே சொல்லாமல் அது முடிந்துவிடுவதும் உண்டு. ஒன்றோடொன்று அதிகம் வித்தியாசமில்லாத படங்களைக் கொடுத்தாலும் அப்படித்தான் ஆகும்: மிதவைக் குளோசப் ஒன்று, பேட்டரி முழுப்படம் ஒன்று, ஆள் தண்ணீர் ஊற்றுவது ஒன்று என்று கொடுங்கள், பின்னணி நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடமாகத் தேடலிலிருந்து மட்டும் தினமும் நிதானமாக ஆள் வந்துகொண்டிருக்கும் பழைய வீடியோ இருந்தால், அதன் தலைப்பில் மக்கள் தேடுகிற சொற்கள் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கூட்டம் சேர்க்கும் ஆசை வந்தால் படத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.