இரண்டு வேலை வாய்ப்புகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மூன்றாண்டு அனுபவமுள்ள ஒரு ஜாவா டெவலப்பருக்கு இரண்டு ஆஃபர் லெட்டர்கள் வந்திருப்பதாகக் கொள்வோம். பெரிய ஐடி சர்வீஸ் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 9 லட்சம் ரூபாய் சிடிசி தருகிறது. எண்பது பேர் பணிபுரியும் ப்ராடக்ட் நிறுவனம் ஒன்று 7 லட்சம் தருகிறது; ஆனால் அங்கே அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. இரண்டு லட்ச வித்தியாசத்தைப் பார்த்தவுடன் முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

அந்த 9 லட்சத்துக்குள் 90,000 ரூபாய் வேரியபிள் பே, 60,000 ரூபாய் ஜாயினிங் போனஸ் என்று பிரித்துக் காட்டப்பட்டிருந்தால், நிலையான தொகை ஏழரை லட்சம் மட்டுமே. ஜாயினிங் போனஸ் முதலாண்டோடு முடிந்துவிடும். ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாக உடன் இருக்கும். வேரியபிள் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டிலிருந்து எதிர்பார்க்கக்கூடிய தொகை 7.95 லட்சம். மற்றதில் 7 லட்சமும் நிலையானதாக இருந்தால், உண்மையான வித்தியாசம் வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய். கற்றுக்கொள்வதற்காக விட்டுக்கொடுப்பது இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகே, அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்க முடியும்.

இங்கே இரண்டாவது தவறு காத்திருக்கிறது: சிறிய ப்ராடக்ட் நிறுவனம் என்றாலே நிறையக் கற்கலாம் என்று நம்பிவிடுவது. நிறுவனத்தின் வகையை விட, சேரப்போகும் டீமும் முதல் ஆறு மாத வேலையுமே கற்றலைத் தீர்மானிக்கின்றன. ஆஃபரை ஏற்பதற்கு முன் வருங்கால மேனேஜரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, நான் எழுதும் கோடிங்கை யார் ரிவ்யூ செய்வார், புரொடக்‌ஷனில் கோளாறு வந்தால் காரணத்தைக் கண்டறிவது யார் பொறுப்பு, இதே பணியில் முன்பு இருந்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று விசாரிக்கலாம். “எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், அது சுதந்திரமாகவும் இருக்கலாம், திருத்திச் சொல்ல அனுபவசாலி ஒருவரும் இல்லை என்பதாகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் பின்னதே அதிகம். பெரிய நிறுவனத்திலோ, எந்த ப்ராஜெக்ட் என்று சேர்ந்த பிறகே சொல்வோம் என்றால், டிக்கெட் மூடும் சப்போர்ட் வேலைக்குப் போகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கல்விக்கடன் தவணையோ வீட்டுச் செலவோ அந்த 8,000 ரூபாயை நம்பியிருந்தால், அதிகச் சம்பளத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறேதுமில்லை.

பலரும் படிக்காமல் விடுவது நோட்டீஸ் பீரியட் பத்தி. முப்பது நாளில் சேர ஆள் தேடும் நிறுவனங்கள் தொண்ணூறு நாள் நோட்டீஸ் முடியும்வரை காத்திருக்கத் தயங்கும் என்பதால், கற்றதைக் கொண்டு அடுத்த வேலைக்கு நகரும் வேகத்தை இந்த ஒரு பத்தியே குறைத்துவிடும். ஆகவே, பணம் கட்டி முன்கூட்டியே விலக அனுமதி உண்டா என்பதை எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொண்ட பின்பே கையெழுத்திட வேண்டும்.