அந்தஸ்துச் செலவைக் குறைக்கும்போது எங்கே தவறுகிறோம்

நெதர்லாந்தில் ஒரு லாட்டரி உண்டு. 2000-களில் அதில் வாரம் ஓர் அஞ்சல் குறியீட்டைக் குலுக்கி எடுப்பார்கள். அந்தக் குறியீட்டுக்குள் வசித்துச் சீட்டும் வாங்கியிருப்பவர்களுக்குப் பணம் கிடைக்கும். ஒரு புதிய பிஎம்டபிள்யூ காரும் அங்கே வந்து இறங்கும். சீட்டு வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் கிடையாது. இந்த லாட்டரியை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. காரை வென்றவர்களில் பெரும்பாலானோர் அதை விற்றுப் பணமாக்கிக்கொண்டார்கள். ஆனால் பரிசு வென்றவர்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த, சீட்டே வாங்காதவர்கள் கார்களுக்குச் செய்த செலவு மற்றவர்களைவிடக் கூடியிருந்தது.

அந்த அடுத்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டால், "அவரைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று சொல்லியிருப்பாரா என்ன? பழைய வண்டி அடிக்கடி மக்கர் செய்தது, எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்றிருப்பார். பொய்யும் இல்லை. சுற்றியிருப்பவர்கள் வாங்குவது நமக்குள் பொறாமையாக வருவதில்லை. 'இவ்வளவாவது வேண்டும்' என்ற அளவுகோலைச் சத்தமில்லாமல் ஒரு படி ஏற்றிவிட்டுப் போகிறது. அதனால்தான் "இனி யாரையும் பார்த்து எதுவும் வாங்க மாட்டேன்" என்ற உறுதிமொழி வேலை செய்வதில்லை. வாங்கும் நேரத்தில் யாரையும் பார்த்து வாங்குவதாக நமக்குத் தோன்றுவதே இல்லையே.

ஒரு செலவைத் 'தேவை' அல்லது 'ஆடம்பரம்' என்று முத்திரை குத்துவது

இதுதான் தவறுகளில் பெரியது. ஒரே பொருளுக்குள் இரண்டும் கலந்திருக்கும். பிரித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினால் எல்லாமே 'தேவை' பக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீடு. மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடன் அடைத்து முடித்த பழைய சிறிய கார் ஒன்று இருக்கிறது. எரிபொருள், காப்பீடு, பழுது எல்லாம் சேர்த்து மாதம் 6 பங்கு போகிறது. அலுவலகத்தில் கணவருக்குச் சமமான நிலையில் இருப்பவர் பெரிய கார் வாங்குகிறார். சில மாதங்களில் இவர்கள் வீட்டிலும் பேச்சு தொடங்குகிறது. வயதான பெற்றோர் ஏறி இறங்கக் கஷ்டப்படுகிறார்கள், பின்னால் இடம் போதவில்லை. இரண்டும் உண்மையான காரணங்கள்.

புதிய பெரிய காரின் மாதத் தவணை 14 பங்கு, காப்பீடு 2, எரிபொருளும் பராமரிப்பும் 7. மொத்தம் 23. இப்போதைய செலவைவிட 17 பங்கு கூடுதல். ஐந்து வருடத் தவணைக் காலத்தில் இது 1,020 பங்கு, அதாவது பத்து மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே. கடைசியில் விற்றால் மூன்று மாதச் சம்பளம் அளவுக்குத் திரும்பி வரும் என்று வைத்தாலும், ஏழு மாத உழைப்பு போனது போனதுதான்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி "கார் தேவையா?" என்பது அல்ல. "சொன்ன காரணங்களைத் தீர்க்கக்கூடிய மிகக் குறைந்த செலவு எது?" என்பதுதான். பெற்றோர் ஏறி இறங்கத் தோதான உயரமும் பின்னால் இடமும் உள்ள, இரண்டு மூன்று வருடம் ஓடிய கார் ஒன்று 7 பங்குத் தவணையில் கிடைக்கிறது என்றால், மற்ற செலவுகளைச் சேர்த்து மாதம் 15 பங்கு ஆகும். இப்போதைய 6-க்கும் இந்த 15-க்கும் இடையில் உள்ள 9 பங்கு பெற்றோருக்காகச் செய்வது. 15-க்கும் 23-க்கும் இடையில் உள்ள 8 பங்கு பிறர் பார்வைக்குப் போவது. ஐந்து வருடத்தில் அது 480 பங்கு, கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளம்.

புதுசு என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறதே, அதுவும் பார்வைக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நிம்மதிக்கு 2 பங்கு என்று விலை போட்டுக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. எண்ணாக எழுதும்போது 8-ஐயும் நிம்மதிக்கே எழுதுவதற்குப் பெரும்பாலும் மனசு வராது. அந்தத் தயக்கம் ஒரு நல்ல அளவுகோல்.

தொழிலுக்காகவே தோற்றம் தேவைப்படுபவர்களும் உண்டு. வாடிக்கையாளரை நேரில் சந்தித்து நம்பிக்கை பெற வேண்டிய வேலையில், நல்ல உடை செலவல்ல, முதலீடு. ஆனால் முதலீடு என்று சொல்பவர் எந்த வாடிக்கையாளர், எவ்வளவு வருமானம் என்று காட்ட முடிய வேண்டும். "நாலு பேர் மதிப்பார்கள்" என்பது அந்தக் கணக்கில் வராது.

சின்னச் செலவுகளிலிருந்து தொடங்குவது

சிக்கனம் என்றதும் கை போவது டீ, காபி, சினிமா பக்கம். மேலே உள்ள வீட்டில் மாதாந்திர காபிச் செலவை முழுசாக வெட்டினாலும் ஒரு பங்குகூட மிஞ்சாது; 8 பங்கு காரில் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு, சின்னச் செலவுகளில் பல யாருக்காகவும் செய்யப்படுபவை அல்ல, சொந்த மகிழ்ச்சிக்கானவை. அவற்றை வெட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்தஸ்து உட்கார்ந்திருப்பது வீடு, வாகனம், விழா, பிள்ளைகளின் பள்ளி மாதிரி வருடக்கணக்கில் கட்டிப்போடும் முடிவுகளில்.

பார்ப்பவர்களை ஒரு பெருங்கூட்டமாக நினைப்பது

"எல்லாரும் என்ன நினைப்பார்கள்?" இந்த 'எல்லாரும்' யார் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு பெயருக்கு மேல் வராது. ஒரு மைத்துனர், மேல் மாடியில் இருப்பவர், அலுவலகத்தில் ஒருவர். அவர்களில் யாருடைய கருத்தைக் கேட்டு வேறு எந்த முடிவையாவது எடுப்பீர்கள் என்று யோசித்தால், பட்டியல் இன்னும் சுருங்கும்.

அவர்களும் நாம் நினைக்கும் அளவுக்குக் கவனிப்பதில்லை. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைக் கூச்சப்படவைக்கும் படம் போட்ட டி-ஷர்ட் அணியவைத்து ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் சட்டையில் யார் படம் என்று சரியாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். அசிங்கமான சட்டைக்கே இந்தக் கதி என்றால், கொஞ்சம் விலை கூடிய கைப்பேசிக்கு எவ்வளவு கவனம் கிடைக்கும்?

எதிர்த்திசையில் இன்னொரு பிழை. மற்றவர்கள் வாங்கியது நமக்குத் தெரிகிறது, வாங்கிய கடன் தெரிவதில்லை. கனடாவில் லாட்டரி வென்றவர்களின் அக்கம்பக்கத்தை ஆராய்ந்தபோது, பரிசுத் தொகை பெரிதாகப் பெரிதாக அண்டை வீட்டார் திவாலாவதும் கூடியது. அப்படித் திவாலானவர்கள் வைத்திருந்ததில் கார், வீடு போன்ற கண்ணுக்குத் தெரியும் சொத்துகள் தூக்கலாக இருந்தன. தெருவில் நின்று பார்த்தால் அந்த வீடுகள் நன்றாக இருப்பதாகவே தெரிந்திருக்கும். அதைப் பார்த்து யாரோ ஒருவர் தன் அளவுகோலையும் ஏற்றிக்கொண்டிருப்பார்.

உறவையும் சேர்த்து வெட்டுவது

செலவைக் குறைக்கிறேன் என்று உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. இது கணக்குப் பிழை. விசேஷத்துக்குப் போவது உறவு. அங்கே போவதற்காகப் புதிதாக வாங்குவதும், போன தடவை இன்னொருவர் கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பரிசு கொடுப்பதும்தான் அந்தஸ்து. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் விட முடியும்.

வருடத் தொடக்கத்திலேயே நெருங்கிய உறவுக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று இரண்டு தொகைகளை முடிவுசெய்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனியாகப் பேச்சுவார்த்தை கிடையாது. யாராவது கேட்டால், "நாங்கள் எல்லாருக்கும் இப்படித்தான் செய்கிறோம், அத்தை" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சம்பளம், கடன், திட்டம் என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு பதில் வரும், கடைசியில் நீங்கள்தான் இறங்கி வர வேண்டியிருக்கும். முதல் வருடம் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். கைமாற்றாக வாங்கிய உதவியைத் திருப்பித் தருவது மட்டும் இந்தத் தொகைக்குள் வராது. அது கடன், பழைய அளவுக்கே தர வேண்டும்.

எது முக்கியம் என்று யோசித்துப் பட்டியல் போடுவது

உட்கார்ந்து யோசித்தால் குடும்பம், ஆரோக்கியம், கல்வி என்று யாரும் எழுதக்கூடிய சொற்கள்தான் வரும். அந்தப் பட்டியலிலும் பிறர் பார்வை நுழைந்துவிடும். 'பயணம்' என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் பயணத்தை விரும்புகிறார்கள், எத்தனை பேர் பயணப் படங்களை விரும்புகிறார்கள் என்பது வேறு கதை.

இதற்கு ஒரு பழைய ஆய்வு வழிகாட்டுகிறது. 1998-இல் வெளியான அந்த ஆய்வில் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இருவர் மக்களிடம் இரண்டு வகையான கேள்விகளைக் கேட்டார்கள். மற்றவர்களைவிடக் கூடுதலான, ஆனால் மொத்தத்தில் குறைவான வருமானம் வேண்டுமா, அல்லது மற்றவர்களைவிடக் குறைவான, ஆனால் மொத்தத்தில் கூடுதலான வருமானமா? ஏறத்தாழப் பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தார்கள். இதையே விடுமுறை நாட்களுக்குக் கேட்டபோது பெரும்பாலானோர் மற்றவர்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கவில்லை. தங்களுக்கு அதிக நாள் வேண்டும் என்றார்கள்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, பெரிய செலவு ஒவ்வொன்றின் அருகிலும் இப்படிக் கேளுங்கள்: சுற்றியிருக்கும் எல்லாரிடமும் இதைவிட நல்லது இருந்தால், இது எனக்குச் சுவை குறைந்துபோகுமா? குறைந்துபோகும் என்றால் அது ஒப்பீட்டில் வாழும் பொருள். குறையாது என்றால், உண்மையில் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிட நன்றாகத் தூங்குவதால் உங்கள் தூக்கம் கெடுவதில்லை. நடந்தே அலுவலகம் போய்விடும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் அதேதான். அதே வீட்டின் வரவேற்பறைக்கு அப்படிச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

இந்தச் சோதனையில் தேறுபவை பெரும்பாலும் நேரம் சம்பந்தப்பட்டவையாக இருப்பதைக் கவனிக்கலாம். அதனால் மிச்சமாகும் பணத்தைச் சும்மா சேமிப்புக் கணக்கில் விடாதீர்கள்; அங்கே கிடந்தால் அடுத்த பெரிய பொருளுக்கு முன்பணமாகிவிடும். கார் கணக்குப் போட்ட வீட்டில் மாதம் 8 பங்கு மிஞ்சுகிறது. மனைவியின் சம்பளம் 40 பங்கு என்றால், வாரத்தில் ஐந்து வேலை நாளில் ஒன்றின் சம்பளம் சரியாக அந்த 8. வாரம் ஒரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ள அலுவலகம் சம்மதிக்குமா என்பதைத் தவணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். போட்ட பிறகு கேட்க முடியாது.