மஞ்சள் டேக்ல இருந்து நீல டேக் வரை: விதை நெல் போடுறவங்களுக்கு அந்த 3 மீட்டர் கணக்கு

தோவாளை பக்கம் எங்க ஏலாவுல, அதாவது வயக்காட்டுல, போன ரெண்டு கும்பப்பூ போகத்துலயும் ஒரு ஏக்கர்ல அம்பை 16 ரக நெல்லுக்கு விதைப்பண்ணை போட்டோம். முதல் தடவை தேறல, ரெண்டாவது தடவை தேறிச்சு. புதுசா போடணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் கேக்குறதால செஞ்ச வரிசையிலயே எழுதுறேன்.

முதல்ல: டேக் கலர பாருங்க

ஒரு ரகத்த உருவாக்குன ஆராய்ச்சி நிலையம், நம்ம திருப்பதிசாரம் நிலையம் மாதிரி, அதோட கரு விதைய கையில வச்சிருக்கும். அதுல இருந்து விஞ்ஞானிகள் மேற்பார்வையில எடுக்குறது வல்லுநர் விதை, இதுக்கு மஞ்சள் டேக். அத விதைச்சு எடுக்குறது ஆதார விதை, வெள்ளை டேக். ஆதார விதைய விதைச்சு நம்மள மாதிரி ஆளுங்க எடுக்குறதுதான் சான்று விதை, நீல டேக், கடையிலயும் டெப்போவுலயும் சாதாரண விவசாயி வாங்குறது இதத்தான்.

எதுக்கு இத்தன படின்னா, வல்லுநர் விதை கொஞ்சமாத்தான் வரும், அத பெருக்கணும். ஏக்கருக்கு 24 கிலோ ஆதார விதை போட்டா சுத்தம் பண்ணி 2000 கிலோ விதை கிடைக்குதுன்னு வைங்க, அது அடுத்த போகத்துல 80 ஏக்கருக்கு மேல போகும். நம்ம வயல்ல ஒரு கலப்பு கதிர விட்டா அது 80 ஏக்கருக்கு பரவும். ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சம் கலப்பு ஏறத்தான் செய்யும், அதனாலதான் படிய இறங்கலாம், ஏற முடியாது. நீல டேக் விதைய எவ்வளவு சுத்தமா வளத்தாலும் அதுல இருந்து வெள்ளை டேக் கிடைக்காது.

நாம வாங்க வேண்டியது வெள்ளை டேக். வாங்குன பில்லையும் மூட்டையில இருக்குற டேக்கையும் பத்திரமா வைங்க, விதைச்ச 35 நாளுக்குள்ள விதைச்சான்று ஆபீஸ்ல விதைப்பு அறிக்கை குடுக்கும்போது அது ரெண்டும் வேணும்.

அடுத்து: நடவுக்கு முன்னாடி வரப்ப சுத்தி ஒரு நடை

நெல்லுக்கு பயிர் விலகு தூரம் 3 மீட்டர், ஆதாரத்துக்கும் அதேதான் சான்றுக்கும் அதேதான். நம்ம பயிருக்கும் பக்கத்து வயல்ல இருக்குற வேற ரகத்துக்கும் நடுவுல அவ்வளவு இடம் இருக்கணும். பக்கத்துலயும் அதே அம்பை 16தானேன்னு விட்டுராதீங்க, அந்த வயல் கலப்பா கிடந்தா அதுக்கும் 3 மீட்டர் உண்டு.

பக்கத்து வயல் அண்ணாச்சி கேட்டாரு, "என் நெல்லு பூ பறந்து உன் வயலுக்கு வருமாப்பா? நம்ம ஆரல்வாய்மொழி காத்துக்கு 3 மீட்டர்லாம் எம்மாத்திரம்?" நியாயமான கேள்வி. பூக்குற சமயத்துல காலையில ஒம்பது பத்து மணி வாக்குல வயல்ல நின்னு ஒரு கதிர கிட்டத்துல பாருங்க, உமி ரெண்டா பிளந்து வெள்ளையா ஆறு நூல் வெளிய தொங்கும். அந்த நூல் வெளிய தெரியுற நேரத்துக்குள்ள மகரந்தம் அதே பூவுக்குள்ளயே கொட்டி வேலை முடிஞ்சிருக்கும், கொஞ்ச நேரத்துல உமி மூடிக்கும். காத்துல போற தூளுக்கும் சில நிமிஷம்தான் உயிர். அதனால வெளி மகரந்தம் சேருறது ரொம்ப அபூர்வம், 3 மீட்டர் போதும்.

இதே நெல்லுல ஹைப்ரிட் விதை எடுக்கணும்னா கணக்கே வேற, அங்க 100 மீட்டர். பெண் வரிசையில இருக்குற செடிக்கு சொந்த மகரந்தம் கிடையாது, பூவ திறந்து வச்சு வெளியில இருந்து வர்றதுக்குத்தான் காத்திருக்கும், எந்த ரகத்து தூள் வந்தாலும் புடிச்சுக்கும். தூரம்ங்கறது பூ எப்படி கரு சேருதுங்கறத வச்சு வர்ற கணக்கு. மக்காச்சோளம் காத்துல சேருற பயிர், அதுக்கு 200 மீட்டர்.

அப்போ நெல்லுக்கு அந்த 3 மீட்டர் யாருகிட்ட இருந்து காப்பாத்துதுன்னா, மகரந்தத்துகிட்ட இருந்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் நம்மகிட்ட இருந்துதான். வரப்புல சாஞ்ச பக்கத்து கதிர், தண்ணியில மிதந்து வந்த நாத்து, அறுக்கும்போது எல்லை தாண்டுற மிஷின், கலப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருது.

எங்க ஒரு ஏக்கர் கிட்டத்தட்ட சதுரம், ஒரு பக்கம் 64 மீட்டர் வரும். ரெண்டு பக்கம் வாய்க்காலும் ரோடும், பிரச்சனை இல்ல. மத்த ரெண்டு பக்கமும் வேற ரகம். அந்த ரெண்டு ஓரத்துலயும் 3 மீட்டர் ஒதுக்குனா 9 சென்ட் போகுது. அதுல நட்டோம், ஆனா கயிறு கட்டி பிரிச்சு, இது விதைக்கு இல்ல சாப்பாட்டுக்குன்னு வயலாய்வுக்கு வந்த விதைச்சான்று அலுவலர்கிட்ட காட்டிட்டோம். நீங்களும் முன்கூட்டியே அவர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

கலவன் எடுக்குறது

பூக்குறதுல இருந்து அறுப்பு வரைக்கும் குறைஞ்சது ரெண்டு தடவ ஆய்வுக்கு வருவாங்க. நம்ம அளவு வயல்ல அஞ்சு இடத்துல, இடத்துக்கு 1000 கதிர் கணக்கு. சான்று விதைக்கு 0.20 சதம் வரை கலவன், ரகத்தோட ஒத்துப்போகாத கதிர், இருக்கலாம், அதாவது 5000 கதிருக்கு 10. ஆதாரத்துக்கு 0.05 சதம், ரெண்டு கதிர் தாண்டுனா போச்சு.

காலையில வெயில் சாஞ்சு விழும்போது சூரியன் முதுகுக்கு பின்னாடி இருக்குற மாதிரி நின்னு பாருங்க, உயரமா நிக்குறது தனியா தெரியும். அம்பை 16 குட்டையான பருமன் நெல்லு, அதுல நீள நெல்லோ மீசை வச்ச நெல்லோ இருந்தா உடனே கண்ணுல படும். முன்னாடியே பூத்ததையும் ரொம்ப லேட்டா பூக்குறதையும் விடாதீங்க. கதிர மட்டும் ஒடிச்சா அதே தூர்ல இன்னொரு கதிர் வந்துரும், வேரோட புடுங்கி வயலுக்கு வெளிய போடணும். எங்க வயல்ல வந்ததுல பாதி, முந்தின கன்னிப்பூ போகத்துல உதிர்ந்த நெல்லு தானா முளைச்சது. அதனால ரெண்டாவது வருஷம் தண்ணி வச்சு அத முளைக்க விட்டு உழுது அமுக்கிட்டுத்தான் நட்டோம்.

அறுப்பு, நாங்க கோட்டை விட்ட இடம்

முதல் வருஷம் தூரம் சரி, வயலாய்வும் பாஸ். ஆனா வேற ஏலாவுல அறுத்துட்டு நேரா வந்த மிஷின அப்படியே இறக்கிட்டோம். லேப்ல ஒரு கிலோவுல பிற ரக நெல்லு 20 வரைக்கும்தான் அனுமதி, ஒரு கிலோவுல கிட்டத்தட்ட 40000 நெல்லு இருக்கும்னா பாத்துக்கோங்க. எங்களுக்கு 34 வந்துச்சு. மொத்தமும் அரிசிக்கு போச்சு, சித்தப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

ரெண்டாவது வருஷம் மிஷின ரோட்டுலயே நிறுத்தி டேங்க், ஆகர், சல்லடை எல்லாத்தையும் திறந்து ஆள் வச்சு தட்டி ஊதி எடுத்தோம், ரெண்டு மணி நேரம் ஆச்சு, வாடகை கூடுதலாத்தான் போச்சு. அப்புறமும் நேரா விதை வயலுக்குள்ள விடல, கயிறு கட்டுன அந்த 9 சென்ட முதல்ல அறுக்க விட்டோம். உள்ள ஒட்டிக்கிட்டு இருந்த மிச்ச சொச்சம் அந்த நெல்லோட கொட்டிருச்சு, அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. டேங்க காலி பண்ணிட்டுத்தான் மீதி 91 சென்டுக்குள்ள மிஷின் இறங்கிச்சு. களத்துல புது சாக்கு, புது தார்ப்பாய், ஈரப்பதம் 13 சதத்துக்கு கீழ வர்ற வரைக்கும் காய்ச்சல். அந்த தடவ லேப்ல பிற ரக நெல்லு கிலோவுக்கு 6, முளைப்புத்திறன் 80 இருந்தா போதும்ங்கற இடத்துல 92. நீல டேக் தைக்கும்போது சித்தப்பாதான் மூட்டைய புடிச்சிக்கிட்டு நின்னாரு.