புல் ரெக்வெஸ்ட்டைப் பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெவ்வேறு நாடுகளில் உள்ள மூன்று நான்கு கிளையண்டுகளுக்கு ஒரே சமயத்தில் வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்கள், புல் ரெக்வெஸ்ட் அனுப்பி எத்தனை நாளாயிற்று என்று மட்டுமே பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது இப்போது யாருடைய கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பத்து நாளாகத் திறந்து கிடப்பது உங்கள் திருத்தத்துக்காகவே காத்திருக்கலாம். நேற்று அனுப்பியது ரிவியூவரின் பார்வைக்கே போய்ச் சேராமலும் இருக்கலாம்.

கிட்ஹப்பில் இதை அறிய, மின்னஞ்சல் அறிவிப்புகளை நம்புவதைவிட ஒரு தேடலைப் போடுவது நல்லது:

```
gh search prs --author=@me --state=open --sort=updated --order=asc
gh search prs --author=@me --state=open --review=changes_requested
gh search prs --author=@me --state=open --checks=failure
```

முதல் கட்டளை நெடுநாள் அசையாதவற்றை மேலே கொண்டுவரும். மற்ற இரண்டில் வருபவை பெரும்பாலும் உங்கள் பொறுப்பில் இருப்பவை. அவற்றுக்கு நினைவூட்டல் அனுப்புவது பொருந்தாது. முதல் பட்டியலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு பாட் கருத்து எழுதினாலே 'updated' நேரம் மாறிவிடுவதால், எந்த மனிதரும் தொடாத புல் ரெக்வெஸ்ட் புதியதுபோலக் கீழே இறங்கிவிடும். ஒற்றை உள்நுழைவை (எஸ்எஸ்ஓ) கட்டாயமாக்கியுள்ள நிறுவனத்துக்கு உங்கள் டோக்கன் அங்கீகரிக்கப்படாவிட்டால், அந்நிறுவனத்தின் ரெப்போக்கள் பட்டியலில் வராமலே போகலாம். கிட்லேபில் வேலை செய்யும் கிளையண்டுக்குத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை, மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கும் தவறு திருத்தம் செய்த பிறகுதான் நடக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெர்லினில் இருக்கும் ரிவியூவர் செவ்வாய்க்கிழமை இரண்டு மாற்றங்கள் கேட்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் டெவலப்பர் புதன்கிழமையே அவற்றைச் செய்து புஷ் செய்துவிட்டு, அடுத்த செவ்வாய் வரை பொறுத்திருந்து, "ஏதாவது தகவல் உண்டா?" என்று எழுதுகிறார். ரிவியூவரோ `review-requested:@me` என்று தேடித் தம் வேலைகளைப் பார்ப்பவர். ஒருவர் ரிவியூவைச் சமர்ப்பித்ததும் அந்தப் புல் ரெக்வெஸ்ட் இந்தத் தேடலின் முடிவிலிருந்து நீங்கிவிடும். புதிய கமிட் வந்ததால் மட்டும் அது திரும்பி வராது. ரிவியூவர்கள் பகுதியில் அவர் பெயருக்கு அருகிலுள்ள வட்ட அம்புக்குறியை அழுத்தி மறுபடியும் ரிவியூ கோரினால்தான் அது அவர் பட்டியலுக்கு மீளும். ஆகவே அந்த ஒரு வாரத் தாமதத்துக்கு பெர்லின்காரரைக் குறை சொல்ல இடமில்லை. டிராஃப்ட் நிலையிலேயே விட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதைப் போன்றதே: டிராஃப்ட்டை மெர்ஜ் செய்ய முடியாது, கோட் ஓனர்களுக்குத் தானாகக் கோரிக்கையும் போகாது.

மறுபடியும் கோரிக்கை வைத்த பிறகும் பதில் இல்லையென்றால், அவர்களுடைய வேலைநாளில் இரண்டு மூன்று கழியட்டும் என்று விட்டு, பிறகு எழுதலாம். தனிச் செய்தியில் அல்லாமல் புல் ரெக்வெஸ்ட்டிலேயே, ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து எழுத வேண்டும். மூவரை அழைத்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே இருந்துவிடுவார்கள். "ஏதாவது தகவல் உண்டா" என்ற கேள்வி, படிப்பவரை எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வைக்கிறது. அதற்குப் பதிலாக, "நீங்கள் கேட்ட இரண்டு மாற்றங்களும் கடைசி கமிட்டில் உள்ளன, சோதனைகள் தேறிவிட்டன, பணம் செலுத்தும் பக்கத்தின் வேலை இதற்காகக் காத்திருக்கிறது, வியாழனுக்குள் பார்க்க இயலுமா, அல்லது வேறொருவரைக் கேட்கட்டுமா?" என்ற பொருளில் அவர்கள் மொழியில் எழுதினால், ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மன்னிப்பு ஒருமுறைகூடத் தேவையில்லை. வேலையைப் பற்றிக் கேட்பது தொந்தரவாகாது.

நேரத்தில் செய்யும் பிழையும் உண்டு. திங்கள் காலை 9 மணிக்கு இங்கிருந்து எழுதினால், கோடைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஞாயிறு இரவு 8.30. பெர்லினுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி என்பதால், மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் பழைய கணக்கு மாறும்.

பதிலுக்குக் காத்திருக்கும்போது, ரிபேஸ் செய்து அடிக்கடி ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். புதிய கமிட் வந்தால் பழைய ஒப்புதலை நீக்கும் அமைப்பு சில ரெப்போக்களில் இருக்கும். கிடைத்த ஒப்புதல் உங்கள் கையாலேயே போய்விடும். மோதல் இருந்தால் மட்டும் சரிசெய்து, ஏன் புஷ் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டாம் நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால், மூன்றாவதை ரிவியூவருக்கு எழுதாமல், வேலையை ஒப்படைத்த கிளையண்டுக்கு எழுத வேண்டும். அவர்களுடைய முன்னுரிமை மாறியிருக்கலாம் என்பதால், புகாராக இல்லாமல், இதைத் திறந்தே வைக்கவா, மூடிவிடவா என்ற கேள்வியாக அது இருக்கட்டும். `actions/stale` பயன்படுத்தும் ரெப்போவில் இதைத் தள்ளிப்போட முடியாது. இயல்பு அமைப்பில் 60 நாள் அசைவில்லாமல் இருந்தால் அது குறியிடும், அதன்பின் 7 நாளில் மூடிவிடும்.