க்ரீம் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

ஒரே வாரத்தில் முகம் வெளுத்துவிட்டது என்று யாராவது ஒரு க்ரீமைச் சிபாரிசு செய்தால், முதலில் ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது அழகு க்ரீம் இல்லை, ஸ்டீராய்டு மருந்து. பெரும்பாலும் கூடவே ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினோயினும் இருக்கும். மங்குவுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற கலவை அது.

ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் சட்டென்று வெளிறித் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பருவும் மெல்லிய முடியும் வரும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுகிறார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே பூசுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல், ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சாதாரண க்ரீம்களில் வரும் நியாசினமைடு பரவாயில்லை. மெலனின் மேல்தோலுக்குப் போவதைக் கொஞ்சம் குறைக்கும். கரும்புள்ளி மங்க இரண்டு மாதமாவது ஆகும். பிறவி நிறத்தை அது மாற்றாது. வெயில் படாத உங்கள் மேற்கையின் உட்பக்க நிறம்தான் எல்லை. விளம்பரம் இதைச் சொல்லாது, சொன்னால் யார் வாங்குவார்கள்?

முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமா? தோல் வறளாமலும், வெயிலில் கருக்காமலும் இருந்தால் போதும். குளித்ததும் ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். அப்புறம் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பட்டாணி அளவு பூசிவிட்டுப் பலனில்லை என்பவர்களே அதிகம்.